தொட்டியின் உட்சுவரைத் தேய்த்தால் கொசு குறையும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு பெரும்பாலும் சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக்குள்ளும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். பெண் கொசு தன் முட்டைகளை நீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. மிளகுத்தூள் தூவியதுபோல் தெரியும் அந்தக் கறுப்பு முட்டைகள் நீர் வற்றினாலும் சாவதில்லை. பல மாதங்கள் காய்ந்து கிடந்து, மறுபடி நீர் தொட்டதும் பொரிக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில நாட்களிலேயே கொசு பெருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: கோடையில் இட்ட முட்டைகள் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் மழைக்காகக் காத்திருக்கின்றன.

முட்டை பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். வாரம் ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். பத்து நாளுக்கு ஒருமுறை செய்தால் ஒரு தலைமுறை பறந்து போயிருக்கும்.

குழாயில் தினமும் தண்ணீர் வராத தெருவில், வாசலில் நிற்கும் 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மை எடுத்துக்கொள்வோம். லாரி வரும்போது, மிச்சமிருக்கும் பழைய நீரின் மேலேயே புது நீர் நிரப்பப்படுகிறது. நீர்மட்டம் உயர்ந்ததும் சுவரில் ஒட்டியிருந்த முட்டைகள் மூழ்கிப் பொரிக்கின்றன. ஆக, டிரம்மை நிரப்பும் செயலே புழுவை எழுப்பிவிடுகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே நிரப்பினாலும் பயனில்லை. முட்டைகள் சுவரிலேயே இருக்கும்.

எனவே தண்ணீர் வரும் நாட்களில் ஒன்றை வாரந்தோறும் அதற்கென ஒதுக்க வேண்டும். மிச்ச நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி வாளிகளில் எடுத்துவைத்து, டிரம்மின் உட்சுவரைத் தேங்காய் நாராலோ முரட்டுப் பிரஷ்ஷாலோ மேலிருந்து அடிவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். விளிம்புக்குக் கீழே உள்ள ஒரு சாண் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றினால் புழுக்கள் செத்துவிடும். நிரப்பியபின் மூடி மட்டும் போதாது, இடுக்கு வழியே கொசு நுழையும். வாயில் துணியைப் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் மூடி வைக்கலாம். மூடியின் குழிவில் மழைநீர் தேங்கினால் அதுவே இன்னொரு தொட்டியாகிவிடும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

புழு இருக்கிறதா என்று பார்க்க டார்ச் விளக்கு போதும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் மேலே தொங்கிக்கொண்டிருக்கும் புழுக்கள் நெளிந்து கீழிறங்கும்; மூச்சு வாங்க மீண்டும் மேலே வந்தாக வேண்டும் என்பதால் சற்று நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும். காற்புள்ளி போல் வளைந்த கூட்டுப்புழு கண்ணில் பட்டால், ஓரிரு நாளில் கொசு வெளிவரும் என்று பொருள். போன வாரச் சுத்தம் எங்கோ தவறியிருக்கிறது.

டிரம் முடிந்ததும் மாடியிலிருந்து கீழே இறங்கிவருவது நல்லது. மேல்நிலைத் தொட்டியின் மூடி பொருந்துகிறதா, அதன் வழிந்தோடும் குழாய்க்கு நைலான் வலை கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சன்ஷேடில் இலை அடைத்து நீர் நிற்கும். கொல்லையில் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பயன்படாத ஆட்டுக்கல். வீட்டுக்குள் பூந்தொட்டியின் அடித்தட்டு, மணிபிளான்ட் பாட்டில், குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள தட்டு. இந்தத் தட்டுதான் அதிகம் மறக்கப்படுவது, ஏனெனில் அதில் நீர் சேர மழையே தேவையில்லை.

கிணறுபோல் காலிசெய்ய முடியாத நீர்நிலைகளில் கம்பூசியா அல்லது கப்பி மீன் விடலாம். அபேட் மருந்தைச் சுகாதாரப் பணியாளர் அளவறிந்து ஊற்றுவதே சரி. புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தொட்டியிலிருக்கும் புழுவை அது தொடுவதில்லை.

இந்தக் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றும். ஒரு வீட்டில் மட்டும் தேய்த்தால் பக்கத்து வீட்டுக் கொசு வந்து கடிக்கும். தெருவில் எல்லோரும் ஒரே கிழமையைத் தேர்ந்தெடுத்து, மழைக்காலம் முடியும்வரை ஒரு வாரமும் விடாமல் செய்ய வேண்டும்.