சந்தேகக் கூடைக்குள் ஒரு சுற்று

வீட்டு வாசலில் கொட்டிய குப்பை வண்டியேறிப் போன பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆசை எனக்கு ரொம்ப நாளாக. ராசிபுரத்தில் குப்பை பிரிக்கும் கொட்டகை ஒன்றில் நிற்க இடம் கிடைத்ததும் குதூகலமாகிவிட்டது! பச்சைக் கூடை, நீலக் கூடை, ஓரமாக மூடி போட்ட ஒரு டப்பா. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மேசைக்கு அடியில் கைப்பிடி உடைந்த கூடை ஒன்று இருந்தது பாருங்கள், அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

"அது எதுக்குங்க்கா?"

"தெரியாததுக்குங் கண்ணு. கை நின்னுச்சுன்னா அதுல போட்ருவோம். அப்பறமாப் பாத்துக்கலாம்."

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக்காரரிடம் கேட்டது மூன்று பிரிவு: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு. காலாவதியான மருந்து, பூச்சிமருந்து டப்பா, பெயின்ட் டின், டியூப்லைட், பேட்டரி, ஊசி என்று மூன்றாவதற்கு உதாரணங்களும் அதிலேயே உண்டு. 'தெரியாதது' என்ற பிரிவு மட்டும் அதில் இல்லை. வேலை செய்யும் கைகள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட கூடை அது.

மேசையில் வேலை நடக்கும் வேகம் இருக்கிறதே! மரவள்ளிக் கிழங்குத் தோல், வாழை இலை, முட்டை ஓடு எல்லாம் பார்வை படும் முன்னே பச்சைக்குப் போய்விடுகின்றன. தண்ணீர் பாட்டில், பால் பாக்கெட், நியூஸ் பேப்பர் நீலத்துக்கு. இவற்றுக்கு யோசனையே தேவையில்லை. கை எங்கே நிற்கிறது என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நின்றது ஒரு காகிதக் கப்பில். காகிதம்தானே, மக்கும்தானே? அக்கா அதன் விளிம்பைப் பிரித்து மெல்லக் கிழித்தார். காகிதம் கிழிந்து வந்தது. உள்பக்கம் மெல்லிய பளபளப்பான ஒரு தோல் மட்டும் கிழியாமல் இழுபட்டு நின்றது. பிளாஸ்டிக்! டீ ஒழுகாமல் பிடிப்பது அந்தத் தோல்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் உள்ள பொருள்களில் இந்தப் பிளாஸ்டிக் பூசிய கப்பும் ஒன்று, ஆனாலும் வந்துகொண்டே இருக்கிறது. உரக்குழியில் போட்டால் காகிதம் கரைந்துவிடும், தோல் அப்படியே தங்கும். ஆக, நீலம்.

அடுத்தது வெள்ளி நிறத்தில் மின்னிய இரண்டு துண்டுகள். ஒன்று சாப்பாடு சுற்றி வந்த அலுமினியத் தாள், மற்றது கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம். பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான். இரண்டையும் கசக்கி மேசையில் வைத்தார். தாள் உருண்டையாகவே கிடந்தது. பாக்கெட் சரசரவென்று தானாக விரிந்துகொண்டது! விரிவது பிளாஸ்டிக், அதன்மேல் உலோகப் பூச்சு மட்டும். ரெண்டுமே உலர் குப்பைதான், ஆனால் தாள் காயலான் கடையில் விலை போகும். பல அடுக்குப் பாக்கெட்டைப் பிரித்து உருக்க வழியில்லை. பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகத்தான் அது முடியும்.

இந்த வேலையின் விதி பொருளின் பெயரைக் கேட்பதில்லை. அது எதனால் ஆனது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. முட்டை அட்டையைப் பாருங்கள். நாமக்கல் மாவட்டத்துக் குப்பையில் முட்டை அட்டை இல்லாத நாள் ஏது? அது அரைத்த காகிதக்கூழ். காய்ந்திருந்தால் நீலக் கூடை, பழைய காகிதத்தோடு கட்டுக்குப் போகும். அதிலேயே ஒரு முட்டை உடைந்து ஊறிவிட்டால்? கட்டோடு சேர்த்தால் மற்ற காகிதமும் நாறிப் பூசணம் பிடிக்கும். அதனால் ஊறிய பகுதியைப் பிய்த்துப் பச்சையில் போடுகிறார். கூழ் நன்றாகவே மக்கும். ஒரே அட்டை, இரண்டு கூடை. எனக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

தேங்காய்ச் சிரட்டை இதற்கு நேர் எதிர். மரத்தில் விளைந்தது, மக்கக்கூடியதுதான். ஆனால் காய்கறித் தோல் உரமாகும் ஆறேழு வாரத்தில் சிரட்டைக்கு ஒன்றும் ஆகாது. பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. தனியாகச் சேர்த்தால் அடுப்புக்கும் கரிக்கும் ஆகும் என்று அது நேரே மேசைக்கு அடியில் போகிறது.

சந்தேகம் வந்தால் ஏதோ ஒரு கூடையில் போட்டுவிடலாமே என்று கேட்டேன். "பச்சையில மட்டும் போட்றக் கூடாதுங் கண்ணு" என்று உடனே பதில் வந்தது. காரணம் உரத்தில் இருக்கிறது. நகரக் குப்பை உரத்துக்கு மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் அளவுகளில் ஒன்று, அதில் குறைந்தது 90 விழுக்காடு 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்க வேண்டும். கிழிந்த பிளாஸ்டிக் துணுக்கு அந்தக் கண்ணிலும் நுழைந்துவிடும். இன்னொன்று, காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பழைய ரீசார்ஜ் பேட்டரிகள் சிலவற்றில் இருப்பது இதே காட்மியம்; ஒன்று உரக்குழியில் கசிந்தால் எத்தனை கிலோ கெடும் என்று நினைத்துப் பாருங்கள். தப்பாக நீலத்துக்குப் போனதை அடுத்த கை எடுத்துவிடலாம். பச்சையில் கலந்ததை யாரும் பொறுக்க முடியாது.

அதனால்தான் கேள்விகளுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். குத்துமா, கசியுமா, உடைந்தால் விஷமா என்பது முதல் கேள்வி. ஒரே பொருளால் ஆனதா என்பது அதற்கு அப்புறம்தான். பல்பு ஒன்று வந்தது. சுருள் குழாய் வடிவ சி.எஃப்.எல். பல்பில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும், எல்.இ.டி.யில் பாதரசம் கிடையாது, அது மின்னணுக் கழிவு. மேல்மூடி போட்ட சி.எஃப்.எல். பார்க்க எல்.இ.டி. போலவே இருக்கும். எழுத்தும் அழிந்திருந்தது. இங்கே சந்தேகக் கூடைகூட வேண்டாம், பாதரசம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு மூடி டப்பாவுக்கு!

பிறகு வந்தது மாத்திரை அட்டை. பத்துக் குழியில் எட்டு காலி, இரண்டில் மாத்திரை. காலி அட்டை என்றால் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய உலர் குப்பை. மாத்திரையோடு இருந்தால் காலாவதி மருந்து, அபாயக் கழிவு. பிதுக்கி எடுத்து மாத்திரையைப் பச்சையில் போட்டுவிட்டால் அட்டை மிச்சமாகுமே என்று தோன்றும். அந்த ஆசையே கூடாது. மருந்து உரத்துக்குள் போய்விடும். முழு அட்டையும் டப்பாவுக்குப் போனது.

பழைய விதிப்படி நாப்கினையும் டயப்பரையும் தாளில் சுற்றி உலர் குப்பையோடு கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் சுற்றாமல் வரும், காகிதமெல்லாம் வீணாகும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அதற்குத் தனிப் பிரிவு கொடுத்து, பிரிவுகளை நான்காக்கிவிட்டன: ஈரம், உலர், சுகாதாரக் கழிவு, சிறப்புக் கவனிப்புக் கழிவு. பல்பும் மருந்தும் கடைசிப் பிரிவில் வரும்.

கடைசியாக, கிளம்பும் நேரத்தில், அடியிலிருந்த கூடையை மேசைமேல் கவிழ்த்தார்கள். சிரட்டைகளுக்கு நடுவே ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டை. திறந்ததும் பாட்டுப் பாடியது! அக்கா நகத்தால் ஒட்டை நீக்கி உள்ளிருந்து பட்டாணி அளவு பேட்டரி ஒன்றைத் தோண்டி எடுத்து டப்பாவில் போட்டார். சின்னச் சர்க்யூட்டும் ஸ்பீக்கரும் மின்னணுக் கழிவுப் பையில். ஜிகினா ஒட்டிய மேல் அட்டையைக் கிழித்துப் பார்த்தார், பிளாஸ்டிக் தோல் இழுபட்டது, அதைப் பல அடுக்குக் குப்பையில் போட்டார். வெறும் காகிதமாக நின்ற உள்பக்கம் மட்டும் பழைய காகிதக் கட்டின்மேல் ஏறியது.