ஸ்கிரீன்ஷாட்டுக்கே ஸ்கிரீன்ஷாட்: எழுத்து மங்குவது ஏன்?

"பணம் போட்டாச்சு, பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வருகிறது. வாங்கியவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்கு அனுப்புகிறார். அவரும் அதையே செய்கிறார். கடைசியில் வங்கியில் புகார் கொடுக்கப் போனால், 12 இலக்க யுபிஐ எண்ணில் இருப்பது 3-ஆ, 8-ஆ என்றே தெரியவில்லை. தெளிவு எங்கே போச்சு?

தப்பு எங்கே நடக்கிறது?

ஸ்கிரீன்ஷாட் என்பது திரையில் உள்ள பிக்சல்களின் நகல். பல போன்கள் அதை இழப்பில்லாத பிஎன்ஜி கோப்பாகவே சேமிக்கின்றன. சிக்கல் அனுப்பும்போதுதான். டேட்டாவை மிச்சப்படுத்த, செயலி படத்தின் அளவைக் குறைத்து, ஜேபெக் முறையில் சுருக்குகிறது.

ஒரு கணக்கு

உங்கள் திரை 1080×2400 பிக்சல். அனுப்பும்போது செயலி அதை 720×1600 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 24 பிக்சல் உயரமுள்ள இலக்கம் 16 பிக்சலாகிவிடும். வாங்கியவர் படத்தை முழுத்திரையில் திறந்தால், போன் அதை மறுபடி 24-க்கு இழுத்துக் காட்டும். நடுவே இல்லாத பிக்சல்களை அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து நிரப்பும். இப்போது அவர் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டும் 1080×2400 தான். ஆனால் உள்ளே இருப்பதோ 16 பிக்சல் விவரம்! அதை அனுப்பினால் மறுபடி சுருங்கும், மறுபடி இழுபடும். ஒவ்வொரு சுற்றிலும் ஓரங்கள் கரைந்து, 3-இன் திறந்த பக்கம் மூடி 8 போலாகிறது. தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'க்' என்பது 'க' ஆகிவிடும்.

எழுத்தைச் சுற்றித் தூசி ஏன்?

ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் இருக்கும் நுணுக்கமான மாற்றங்களைத் தோராயமாக்கிவிடும். முகம், வானம் போன்ற படங்களில் இது கண்ணுக்குப் படாது. எழுத்தின் கூர்மையான ஓரமே அந்த நுணுக்கமான மாற்றம் என்பதால், சுற்றிலும் சாம்பல் தூசி படியும். அடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் படம் இழுபட்டு நகர்வதால் கட்டங்கள் வேறு இடத்தில் விழும். பழைய தூசியையும் படத்தின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு, ஜேபெக் அதன்மேல் புதுத் தூசியைச் சேர்க்கும். எழுத்தைச் சுற்றி இப்படித் தூசி தெரிந்தால், படம் ஒரு முறையாவது ஜேபெக்கில் சுருக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

என்ன செய்யலாம்?

வந்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் ஃபார்வர்டு செய்யுங்கள். அதே கோப்பு போவதால் புதுச் சுருக்கம் சேராது. ஆதாரமாகத் தேவைப்படும் படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஆனால் இதை முதல் ஆளே செய்ய வேண்டும். மூன்றாவது கையில் டாக்குமெண்ட் ஆக்கினால், மங்கலான படம்தான் பத்திரமாகப் போய்ச் சேரும். போன விவரத்தை ஷார்ப்பன் செய்தும் மீட்க முடியாது. முதலில் எடுத்தவரிடம் மூலப்படத்தைக் கேட்பதே வழி.

எண் மட்டும் போதுமென்றால் படமே வேண்டாம். செயலியிலிருந்து காப்பி செய்து, எழுத்தாக அனுப்புங்கள். எத்தனை கை மாறினாலும் 8 என்பது 8 தான்.