விரலுக்கு இடம் தேடும் ரோபோ

பட்டறைக்கு வரும் போல்ட்டுகள் பெரும்பாலும் பெட்டியில் கொட்டித்தான் வருகின்றன. தலை ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டும். மனிதக் கை பார்க்காமலேகூட இதைச் செய்துவிடும். விரல்கள் குவியலைத் துழாவி, வழியில் இருப்பதைத் தள்ளி, அகப்பட்டதைப் பற்றிக்கொள்ளும். ரோபோ கைக்கு அந்தத் துழாவும் வித்தை பெரும்பாலும் கிடையாது. எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்தில் இறங்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுத்தான் அது இறங்கும்.

அந்த முடிவுக்கு அதற்குக் கிடைப்பது ஓர் ஆழப் படம். பெட்டிக்கு மேலே பொருத்திய கேமரா எடுப்பது இது. சாதாரணப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறம். இதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு தூரம். 850 என்றிருந்தால் அந்தப் புள்ளி கேமராவிலிருந்து 850 மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. எண் சிறியதென்றால் உயரமான இடம், பெரியதென்றால் பள்ளம்.

12 மி.மீ. தடிமனுள்ள ஒரு போல்ட் குவியலின் மேல் படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் தண்டைக் குறுக்கே வெட்டினாற்போல் ஒரு வரிசைப் புள்ளிகளை விட்டு விட்டு எடுத்தால் எண்கள் இப்படி வரும்: 871, 871, 853, 851, 850, 851, 853, 871, 871. நடுவில் தண்டின் முதுகு, இருபுறமும் பள்ளம். இந்த ஒன்பது எண்களிலேயே பிடிக்கும் இடம் தெரிந்துவிடுகிறது. இதற்கு அது போல்ட் என்று ரோபோ அறிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த எண்ணத்தை ஒரு தெளிவான முறையாக ஆக்கியவர்கள் ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த யூகியாசு டோமாயேவும் அவருடைய சகாக்களும். 2014-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பொருளின் வடிவத்தைக் கணினிக்குச் சொல்லித்தராமல், ரோபோவின் பிடிப்பானான கிரிப்பரின் வடிவத்தை மட்டும் சொல்லித்தருகிறது. பார்வையைப் பொருளிலிருந்து விரலுக்குத் திருப்பியதுதான் அதன் சிறப்பு.

நம் போல்ட்டையே எடுத்துக்கொள்வோம். கிரிப்பருக்கு இரண்டு விரல்கள். விரித்தால் இடைவெளி 22 மி.மீ.; ஒவ்வொரு விரலின் தடிமன் 6 மி.மீ. தண்டு உருண்டையானது என்பதால் விரல் நுனி அதன் நடுமட்டத்தைத் தாண்டி இறங்கியாக வேண்டும். மேல்பாதியை மட்டும் அழுத்தினால் போல்ட் கீழ்நோக்கி வழுக்கிவிடும். முதுகு 850-இல் இருக்கிறது, நடுமட்டம் 856. ஆகவே நுனியை 859 வரை இறக்கலாம்.

இப்போது ஆழப் படத்திலிருந்து இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் செய்யப்படுகின்றன. முதலாவதில், 856-க்கு மேலே எழுந்து நிற்பவை எல்லாம் வெள்ளை. இவை விரல்கள் மூடும்போது நடுவில் அகப்படக்கூடியவை. இரண்டாவதில், ஒரு மில்லிமீட்டர் பாதுகாப்பும் சேர்த்து, 860-க்கு மேலே இருப்பவை எல்லாம் வெள்ளை. இவை விரல் இறங்கினால் முட்டக்கூடியவை.

பிறகு கிரிப்பரின் வடிவத்தில் வெட்டிய ஓர் அட்டையைப் படத்தின் மேல் நகர்த்திப் பார்ப்பதுபோல, கணினி ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்விகள் கேட்கிறது. விரல்களுக்கு நடுவே முதல் படத்தின் வெள்ளை ஏதாவது இருக்கிறதா? விரல்கள் இறங்கும் இரண்டு கட்டங்களிலும் இரண்டாம் படத்தின் வெள்ளை அறவே இல்லையா? இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த இடம் தகுதி பெறுகிறது. அட்டையை 15 பாகை 15 பாகையாகத் திருப்பி மறுபடியும் கேட்கிறது. இரண்டு விரல்களும் ஒரே மாதிரி என்பதால் அரைச் சுற்று போதும். பன்னிரண்டு கோணங்களோடு வேலை முடிகிறது. குவியலில் உயரங்கள் வேறுபடுவதால் வெவ்வேறு மட்டங்களுக்கும் இதே கணக்கு நடக்கிறது.

தகுதி பெற்ற இடங்கள் தனித்தனிப் புள்ளிகளாக வருவதில்லை, திட்டுத் திட்டாக வருகின்றன. திட்டின் ஓரத்தைத் தேர்ந்தெடுத்தால், கேமராவுக்கும் ரோபோவுக்கும் இடையே உள்ள ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுப் பிசகே விரலை முட்டவைத்துவிடும். எனவே மதிப்பெண்களை அக்கம்பக்கத்தோடு கலந்து மென்மையாக்கி, உச்சம் எங்கே வருகிறதோ அங்கே இறங்குகிறார்கள். அது இயல்பாகவே திட்டின் நடுப்பகுதியாக அமையும்.

இந்தக் கணக்கில் மிக உயரத்தில் இருக்கும் போல்ட் தோற்றுப்போகலாம். அதற்கு இணையாக 14 மி.மீ. தள்ளி இன்னொன்று படுத்திருந்தால் போதும். விரல் இறங்கும் இடம் நடுக்கோட்டிலிருந்து 11 முதல் 17 மி.மீ. வரை. பக்கத்துப் போல்ட்டின் உடம்பு 8 முதல் 20 வரை பரவியிருக்கிறது. வழி அடைபட்டுவிட்டது. சற்றுத் தாழ்வாக, ஆனால் இருபுறமும் ஒழிவாகக் கிடக்கும் மூன்றாவது போல்ட்தான் தேர்வாகும்.

காகிதத்தில் இவ்வளவு சுத்தமாக இருப்பது தொழிற்சாலையில் முதலில் தடுக்கி விழுவது ஆழப் படத்தின் ஓட்டைகளில்தான். இவ்வகைக் கேமராக்களில் பல, ஒரு பக்கத்திலிருந்து ஒளிக்கோலத்தைப் பாய்ச்சி, இன்னொரு பக்கத்திலிருந்து அதைப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிடுகின்றன. ஒளி படாத இடத்துக்கும், பட்டும் கேமராவுக்குத் தெரியாத இடத்துக்கும் தூரம் கிடைக்காது. பளபளக்கும் உலோகம் ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடுவதாலும் புள்ளிகள் விடுபடும். பல கருவிகள் அந்தப் புள்ளிகளில் 0 என்று எழுதிவிடுகின்றன. அதை உண்மையான தூரமாக எடுத்தால், கேமராவைத் தொடும் உயரத்தில் ஏதோ நிற்பதாகக் கணினி நம்பும். ஒன்றுமில்லாத ஓட்டையையே பொருள் என்று பிடிக்கப் போகும். பள்ளம் என்று எடுத்தாலோ, மறைந்திருக்கும் இரும்பின் மேல் விரல் இடிக்கும். சரியான வழி, தெரியாத புள்ளியை இரண்டு படங்களிலும் இரண்டு விதமாக நடத்துவது: பிடிக்க எதுவும் இல்லாத இடமாக முதல் படத்தில், முட்டும் இடமாக இரண்டாம் படத்தில்.

ஆனால் இந்த எச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு. நிழல் விழுவது பெரும்பாலும் போல்ட்டின் ஓரத்தில். விரல் இறங்க வேண்டியதும் அதே ஓரத்தில். நல்ல இடங்கள் பலவும் தெரியாதவை என்று கழிந்துபோகும். வேறொரு திசையிலிருந்து இரண்டாவது படம் எடுத்துச் சேர்த்தால் நிழல்களில் பெரும்பகுதி மறைந்துவிடும். மென்பொருளை மாற்றி மாற்றிப் போராடுவதைவிட இது நல்ல மருந்து.

இன்னொரு குறையை இரண்டாவது படத்தாலும் தீர்க்க முடியாது. இந்த முறை விரல்களைச் சுற்றியுள்ள சிறு பரப்பை மட்டுமே பார்க்கிறது. தண்டின் நடுவில் இருபுறமும் ஒழிவாக இருக்கலாம். அதே போல்ட்டின் தலை மேல் வேறொன்று குறுக்கே கிடக்கலாம். தூக்கும்போது இரண்டும் சேர்ந்து எழும், அல்லது பிடி நழுவும். அதனால் தூக்கிய பிறகு சரிபார்த்தே ஆக வேண்டும். மூடிய விரல்களின் இடைவெளி 12 மி.மீ. என்றால் தண்டு அகப்பட்டிருக்கிறது. 18-ஐ ஒட்டி இருந்தால் தலை. பூஜ்யம் என்றால் வெறுங்கை. ஒட்டிக்கொண்டு வந்த இரண்டாவது போல்ட்டை எடை காட்டிக்கொடுக்கும்.

பெட்டியில் இருப்பவை முன்பின் தெரியாத, வடிவம் கோணலான பொருட்கள் என்றால் வேறொரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜெஃப் மாலர், கென் கோல்ட்பர்க் குழுவினர் 2017-இல் வெளியிட்ட டெக்ஸ்-நெட் 2.0, கணினியிலேயே உருவாக்கிய 67 லட்சம் ஆழத் தரவுகளைக் கொண்டு பழக்கப்பட்டது. படத்தில் எதிரெதிராக அமைந்த விளிம்புகளை இணை சேர்த்து, ஒவ்வோர் இணையும் வழுக்காமல் நிற்குமா என்று அந்தப் பயிற்சியைக் கொண்டு மதிப்பிடுகிறது. ஒரே வகைப் போல்ட் மட்டுமே வரும் பெட்டிக்கு இவ்வளவு தேவைப்படாது. அங்கே டோமாயே குழுவின் எளிய முறையே முதலில் முயன்று பார்க்கத் தக்கது.

இத்தகைய ரோபோவை வாங்க நினைப்பவர்கள் விற்பவரின் மாதிரிப் பெட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எண்ணெய் படிந்த உங்கள் பொருட்களை, உங்கள் பெட்டியிலேயே கொட்டி, ஆழப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பெட்டி நிறைந்திருக்கும்போது ஒன்று, அடியில் பத்துப் பன்னிரண்டு மட்டும் மிஞ்சியிருக்கும்போது ஒன்று. பொருட்களின் ஓரங்களில் ஓட்டைகள் எவ்வளவு இருக்கின்றன என்று அந்தப் படங்களில் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.