கருப்பனின் ரொட்டி சானாய்

செராஸில் எங்கள் வரிசை வீட்டு நாய் கருப்பனுக்கு 12 வயது. காலையில் முன்காலை ஊன்றி, சற்று நின்று, பிறகுதான் பின்னங்காலை இழுத்து எழுவான். ஒரு நாளும் முனகியதில்லை. வயதாகிவிட்டது என்றே நினைத்திருந்தோம். மூட்டு தேய்ந்த நாய் பெரும்பாலும் கத்தாது. காரில் ஏறத் தயங்கும், வலிக்கும் மூட்டை ஓயாமல் நக்கும். அதன் வலியை அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கருப்பனைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் முதலில் எடை பார்த்தார். 26 கிலோ. இருக்க வேண்டியது 22.

"சாப்பாட்டைத் தவிர என்ன கொடுக்கிறீங்க?" என்று கேட்டார்.

"காலையில ஒரு ரொட்டி சானாய்தான் டாக்டர்" என்றார் அம்மா.

22 கிலோவுக்கு இறங்க வேண்டிய நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 700 கலோரி போதும். ஒரு ரொட்டி சானாயே ஏறக்குறைய 300. அம்மாவின் பிரியமே அந்த அளவில் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தது.

கூடுதல் எடை மூட்டை அழுத்துவதோடு நிற்பதில்லை. கொழுப்பே வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மட்டும் 25 விழுக்காடு குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-இல் வந்த முடிவு: குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவலிக்கு மருந்து தேவைப்பட்டதும் அவற்றுக்குப் பிந்தித்தான். ஏற்கெனவே நொண்டும் பருத்த நாய்க்கும் காலம் கடந்துவிடவில்லை. எடையில் 6 விழுக்காடு இறங்கினாலே நடை தேறுவதை இன்னோர் ஆய்வு காட்டியது. கருப்பனுக்கு அது ஒன்றரைக் கிலோ சொச்சம். வாரம் கால் கிலோ என்று இறக்கினோம்.

அடுத்தது தரை. நம் வீடுகளின் பளபளக்கும் டைல்ஸ், அதுவும் துடைத்த ஈரத்தோடு, பலமிழந்த பின்னங்கால்களுக்குப் பனிக்கட்டி மாதிரி. கால் விரிந்து வழுக்குவதைத் தடுக்க நாய் தசையை இறுக்கியே நடக்கும், வலி கூடும். படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து வாசல் வரை வழுக்காத ரப்பர் பாய் விரித்தோம். இடைவெளி விடக்கூடாது, அந்த இடத்தில்தான் வழுக்கும். நீண்ட நகத்தையும் பாத விரல்களுக்கு இடையில் வளர்ந்த முடியையும் வெட்டினோம்.

எடை இறங்கட்டும், மருந்து பிறகு என்று சிலர் காத்திருக்கிறார்கள். அது தவறு. வலிக்கிற நாய் நடக்காது, நடக்காவிட்டால் தசை கரையும். கருப்பனுக்கு மருத்துவர் முதலில் இரத்தம் எடுத்து, ஈரலும் சிறுநீரகமும் தாங்குமா என்று பார்த்த பிறகே நாய்களுக்கான வீக்கநீக்கி மாத்திரை எழுதினார். வாந்தி, கறுத்த மலம், சாப்பிட மறுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும்.

வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். இபுபுரோஃபன் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் ஈரலையும் இரத்தச் சிவப்பணுக்களையும் தாக்கும். தெரியாமல் கொடுத்துவிட்டிருந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.