வெயிட் கெய்னர்: டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்

வெயிட் கெய்னர் டப்பாவின் முன்பக்கம் புஜபலம் காட்டும் இளைஞனின் படம். விஷயம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும். பெரும்பாலான டப்பாக்களில் அந்த முதல் இடம் மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு. மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவை உடைத்துச் செய்யும் வெள்ளைத் தூள் அது. நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது. ஆனால் வயிற்றுக்குள் போனதும் சட்டென்று குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறிவிடும்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ரகம் ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் பவுடரில் மாவுச்சத்து 80 கிராம், புரதம் 12 கிராம், கொழுப்பு 1 கிராம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. மொத்தம் 377 கலோரி. அதில் 320 மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதே டப்பாவில் 'சர்க்கரை 8 கிராம்' என்று இருக்கும். பெற்றோர் நிம்மதி அடைவது அந்த வரியைப் பார்த்துத்தான். மால்டோடெக்ஸ்ட்ரினில் பெரும்பகுதி சர்க்கரைக் கணக்கில் வராது என்பது பலருக்குத் தெரியாது. 'மொத்த மாவுச்சத்து' வரியைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை: இதிலேயே ஏறக்குறைய 400 கலோரி வந்துவிடும். புரதமோ பவுடரைவிடக் கூடுதல். நன்றாகச் சாப்பிட்டு, ஓடியாடி, உயரமும் வளர்ந்துகொண்டே இருக்கும் ஒல்லிப் பிள்ளைக்கு இது போதும் என்பதே என் கட்சி. பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் 'ஒரே மாதத்தில் குண்டாகும்' பவுடர் பக்கமே போகாதீர்கள். ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. முகம் மட்டும் உப்பினால் சந்தேகப்படுங்கள்.

ஒல்லியாகவே வளர்வது வேறு, இருந்த எடை குறைவது வேறு. 15 வயதுப் பையன், 48 கிலோ இருந்தவன் இரண்டு மாதத்தில் 43 ஆகிறான் என்று வைத்துக்கொள்வோம். நன்றாகத்தான் சாப்பிடுகிறான். ஆனால் ஓயாத தாகம், ராத்திரி நாலு முறை சிறுநீர். இது டைப் 1 சர்க்கரை நோயாக இருக்கலாம். இன்சுலின் இல்லாத உடம்பில் இந்தப் பவுடரைக் கரைத்து ஊற்றினால் ரத்தச் சர்க்கரை இன்னும் எகிறும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு என்று வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் இதை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல் என்றால் காசநோய்ப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். பசி எடுத்தும் மெலிந்து, நெஞ்சு படபடத்தால் தைராய்டு. குண்டாகிவிடுவோமோ என்று பயந்து சாப்பாட்டை ஒளிக்கும் பெண்ணுக்குத் தேவை மனநல மருத்துவர், டப்பா அல்ல.

பிள்ளையின் எடை குறைந்திருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பவுடர் வேண்டுமா என்பதை அவரே சொல்லட்டும்.