பூஜ்ஜியம் காட்டிக்கொடுக்கும்

கோப்பில் இருப்பது எழுத்தா, படம் போன்ற பைனரித் தரவா என்றறிய கிட் மென்பொருள் முழுதையும் படிப்பதில்லை. முதல் 8000 பைட்டுகளில் மதிப்பு 0 உள்ள ஒரு பைட் சிக்கினாலே பைனரி என்று முடிவுகட்டிவிடும். சாதாரண எழுத்தில் 0 வருவதில்லை. படங்களில் தாராளமாக வரும்.

ஒரு சோறு பதம் பார்க்கும் இந்தக் கணக்கு, யுடிஎஃப்-16 முறையில் சேமித்த தமிழ்க் கட்டுரையிடம் பிசகுகிறது. அங்கே ‘அ’ பொதுவாக 85 0B, பூஜ்ஜியமில்லை. ஆனால் சொற்களுக்கு நடுவே விடும் இடைவெளி 20 00. முதல் இடைவெளியிலேயே கட்டுரை பைனரியாகிவிடும்!

கிரெப் இன்னும் கறார். யுடிஎஃப்-8 சூழலில் பைட்டுகளின் ஒழுங்கையும் பார்க்கும்: ‘அ’ என்றால் E0 AE 85 மூன்றும் வரிசையாக வேண்டும். பழைய டிஸ்கி கோப்பில் 0 கிடையாது என்பதால் கிட் அதை எழுத்தென ஏற்கும். கிரெப் பைனரி என்னும். மாற்றித் தர ஒரு கட்டளை போதும்:

```
iconv -f TSCII -t UTF-8 old.txt > new.txt
```