சுட்டுச் சொல்லும் மின்னஞ்சலும்

எதிரே நிற்பவரிடம் 'அதை எடு' என்று சொல்லும்போது நம் விரலும் கண்ணும் உடன் பேசுகின்றன. எது என்று அவர் கேட்பதில்லை. அதே சொற்றொடரை மின்னஞ்சலில் எழுதினால் சொல் மட்டுமே சென்று சேர்கிறது. விரல் நம்மிடமே தங்கிவிடுகிறது. அந்த விரலின் வேலையைப் பெயர்ச்சொல் செய்தாக வேண்டும். அது செய்யாதபோது என்ன நேரும் என்பதை நம் துறை சற்றுச் செலவு செய்தே கற்றுக்கொண்டது.

துறை மலர் ஒன்றை அம்பத்தூர் தொழிற்பேட்டையிலுள்ள அச்சகம் ஒன்றில் அச்சிடக் கொடுத்திருந்தோம். நோன்பு விடுமுறைக்கு முன் மலர் வெளிவர வேண்டும். அச்சகத்தார் அட்டைக்கு இரண்டு மாதிரிகளையும் முதல்வரின் வாழ்த்துரைப் பக்கத்தையும் மின்னஞ்சலில் அனுப்பினர். நாம் எழுதிய மறுமொழி இது:

"ஐயா, அட்டை மாதிரிகள் இரண்டும் வாழ்த்துரைப் பக்கமும் கிடைத்தன. அதில் ஓர் எழுத்துப்பிழை உள்ளது. அதைத் திருத்திவிடவும். அது நன்றாக இருப்பதால் இதையே வைத்துக்கொள்ளலாம். அவரும் நேற்று பார்த்துவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்."

வெள்ளிக்கிழமை வந்தது மெய்ப்பு அன்று, ஐந்நூறு அட்டைகள். நாம் விரும்பியது பச்சை நிற மாதிரி; வந்தவை நீல நிறம். அச்சகத்தார் மீது குறை காண இடமில்லை. கடிதத்தை மீண்டும் படித்தபோது பிழை நம்முடையதே என்பது தெளிவாயிற்று. அதனைச் சொல் சொல்லாக ஆராய்வோம்.

'அதில்' என்பது முதற் சுட்டு. அதற்கு முன் மூன்று பொருள்கள் நிற்கின்றன: முதல் மாதிரி, இரண்டாம் மாதிரி, வாழ்த்துரைப் பக்கம். மூன்றும் அஃறிணை, மூன்றும் ஒருமை. தமிழில் 'அவன்', 'அவள்' என்னும் சொற்களில் பால் காட்டும் ஈறு உதவிக்கு வருகிறது. 'அது' என்னும் சொல்லுக்கோ தாளும் ஒன்றே, தேதியும் ஒன்றே, தீர்மானமும் ஒன்றே. ஆகவே அலுவற் கடிதங்களில் மயக்கம் பெரும்பாலும் 'அது' என்னும் சொல்லிலேயே பிறக்கிறது. அடுத்தபடி 'அவர்'. மரியாதை கருதி எல்லாரையும் 'அவர்' என்கிறோம். ஆண்பால் பெண்பால் வேறுபாடும் அங்கே மறைந்துவிடுகிறது. நம் கடிதத்தில் 'அவரும்' என்றது துறைத்தலைவரை. கடிதத்தில் அவர் பெயரே இல்லை. வாழ்த்துரை முதல்வருடையது என்பதை அறிந்திருந்த அச்சகத்தார், முதல்வரே பார்த்து ஒப்புதல் தந்துவிட்டதாக எண்ணினர்.

'அதைத் திருத்திவிடவும்' என்பதில் 'அதை' பிழையையும் குறிக்கலாம், பக்கத்தையும் குறிக்கலாம். ஆயினும் இங்கே தீங்கில்லை. பிழையைத் திருத்தினாலும் பக்கத்தைத் திருத்தினாலும் படிப்பவர் செய்யப்போவது ஒரே செயல்தான். இரு பொருள் தோன்றும் இடமெல்லாம் மாற்ற வேண்டியதில்லை; பொருள் மாறினால் செயலும் மாறுமா என்று கேட்பதே அளவுகோல்.

'அது நன்றாக இருப்பதால் இதையே' என்னும் தொடர்தான் நம்மைக் கவிழ்த்தது. எழுதும்போது கணினித் திரையில் பச்சை அட்டை விரிந்திருந்தது. 'அது', 'இது' என்னும் இரண்டாலும் நாம் கருதியது அந்த ஒரே அட்டையைத்தான். ஆனால் ஒரே தொடரில் அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டும் வந்தால் தமிழர் இரு பொருள் என்றே கொள்வர். மேலும் 'இது' எனில் யாருக்கு அண்மை? எழுதுபவரின் திரை படிப்பவருக்குத் தெரியாது. கேட்பவர் பக்கம் உள்ளதை 'உது' என்று சுட்டும் வழக்கு யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் உண்டு. நம் பேச்சில் அஃது இல்லை. அச்சகத்தார் தம் திரையில் அப்போது திறந்திருந்த நீல அட்டையை 'இது' எனக் கொண்டனர்.

இறுதித் தொடரில் இரண்டு குறைகள். 'அதனால்' என்பது ஒரு பொருளைச் சுட்டாமல் முன் சொன்ன செய்தி ஒன்றைச் சுட்டுகிறது. எந்தச் செய்தி? பிழை இருப்பதாலா, அட்டை நன்றாக இருப்பதாலா, அவர் பார்த்துவிட்டதாலா? மற்றொன்று கண்ணுக்கே தெரியாத குறை. 'அனுப்பவும்' என்றோம், எதை என்று சொல்லவில்லை. தமிழில் செயப்படுபொருளை விட்டுவிட்டாலும் தொடர் முற்றுப்பெற்றதாகவே தோன்றும். திருத்திய மெய்ப்பை நாம் கருதினோம். ஒப்புதல் கிடைத்துவிட்டதாக எண்ணியவர் அச்சிட்ட அட்டையைக் கருதினார்.

இனித் திருத்தும் முறை. அனுப்புவதற்கு முன் கடிதத்தில் அ, இ என்னும் சுட்டில் தொடங்கும் சொற்களையெல்லாம் அடிக்கோடிடுக. ஒவ்வொன்றுக்கும் நேரே அது குறிக்கும் பெயரை ஒரு தாளில் எழுதுக. எழுதக் கை தயங்கினாலோ, வேறொரு பெயரும் அங்கே பொருந்தினாலோ, சுட்டை நீக்கிப் பெயரையே இடுக. அல்லது சுட்டோடு பெயரைச் சேர்த்து 'அந்த மாதிரி', 'இந்தப் பக்கம்' என்று எழுதுக. 'அதனால்' வரும் இடத்தில் காரணத்தையே சொல்லிவிடுக. பிறகு ஒவ்வொரு வினைச்சொல்லிடமும் 'யார்? எதை?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவ்வாறு திருத்தினால் நம் கடிதம் இப்படி அமையும்:

"ஐயா, அட்டை மாதிரிகள் இரண்டும் முதல்வரின் வாழ்த்துரைப் பக்கமும் கிடைத்தன. வாழ்த்துரையின் மூன்றாம் வரியில் 'வாழ்துகிறேன்' என்றிருப்பதை 'வாழ்த்துகிறேன்' என்று திருத்த வேண்டுகிறோம். அட்டைக்கு attai-1.pdf என்னும் பச்சை மாதிரியை வைத்துக்கொள்ளலாம். எங்கள் துறைத்தலைவர் அந்த மாதிரியை நேற்றுப் பார்த்து ஒப்புதல் அளித்துவிட்டார். திருத்திய வாழ்த்துரையின் மெய்ப்பை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பவும். மெய்ப்புக்கு நாங்கள் ஒப்புதல் தந்த பின்னரே அட்டையையும் வாழ்த்துரையையும் அச்சிடவும்."

இக்கடிதத்திலும் 'அந்த மாதிரி' என்னும் சுட்டு இருக்கிறது. சுட்டை அறவே விலக்கினால் மின்னஞ்சல் கிரயப் பத்திரம் போலாகிவிடும். முன்னே ஒரே பெயர் நிற்கும்போது 'அது' என்பதே இயல்பு. ஆனால் ஒரு கடிதம் பலருக்கு மாற்றி அனுப்பப்படும்போதும், பழைய கடிதங்களின் மேல் மறுமொழி அடுக்கப்படும்போதும் முன் நின்ற பெயர் கீழே எங்கோ போய்விடுகிறது. 'மேற்கண்டது' என்றது கீழே கிடக்கும். ஆதலால் ஒவ்வொரு மறுமொழியின் முதல் தொடரிலும் பெயரைப் புதிதாகச் சொல்லிவிடுவது நலம்.

இது புதிய விதியன்று. ஒருவரைப் பெயராலும் சுட்டாலும் குறிக்கும்போது பெயர் முன்னும் சுட்டு பின்னும் வர வேண்டும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்தார். 'அதனால்' போன்ற காரணச் சுட்டுக்கும் அவ்வாறே இடம் வகுத்தார். சுட்டை முன்னே சொல்லும் உரிமையைச் செய்யுளுக்கு மட்டுமே தந்தார். அச்சகத்துக்கு நாம் எழுதியது செய்யுள் அன்று. அந்த நீல அட்டைகள் இன்றும் துறை அலமாரியில் இருக்கின்றன. அவற்றின் வெற்றுப் பின்புறத்தில்தான் மாணவர்கள் கடிதவரைவு எழுதிப் பழகுகின்றனர்.